சமபக்க முக்கோணத்தின் பரப்பளவு தப்பாக வருகிறதா? விடையே பிழையைக் காட்டிக்கொடுக்கும்

பக்கம் மட்டும் தெரியும். முதலில் உயரம் கண்டுபிடிக்க வேண்டும், பிறகு பரப்பளவு. இரண்டே படிதான். ஆனால் அந்த இரண்டு படிகளுக்குள் கால் இடற ஏழெட்டு இடங்கள் இருக்கின்றன. ஒரு வசதி என்னவென்றால், எந்த இடத்தில் இடறினாலும் அதற்கென்று ஒரு தனி எண் வந்து நிற்கும். தப்பான விடையை அடித்துவிட்டு முதலிலிருந்து போடுவதைவிட, அந்தத் தப்பான எண்ணையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பது மேல். எங்கே தவறினோம் என்பதை அதுவே சொல்லிவிடும்.

ஒப்பிட ஒரு சரியான கணக்கு வேண்டும். பக்கம் 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்கு ஒரு செங்குத்துக்கோடு இறக்குங்கள். முக்கோணம் இரண்டு செங்கோண முக்கோணங்களாகப் பிரியும். இரண்டுக்கும் கர்ணம் 10. நடுவில் இறக்கிய உயரம் இரண்டுக்கும் பொது. இரண்டு பக்கங்கள் சமமாக இருக்கும்போது மூன்றாவது மட்டும் மாற வழியில்லை. ஆகவே அடிப்பக்கம் சரிபாதியாக, 5-ம் 5-மாகப் பிரிகிறது. இனி பிதாகரஸ் தேற்றம்தான்.

```
பாதிப்பக்கம் = 10 ÷ 2 = 5
உயரம்²     = 10² − 5² = 100 − 25 = 75
உயரம்      = √75 = 5√3 ≈ 8.66 செ.மீ.
பரப்பளவு   = ½ × 10 × 8.66 ≈ 43.30 ச.செ.மீ.
```

முதலில் செய்ய வேண்டிய சோதனை

உங்கள் கணக்கில் பக்கம் 10 ஆக இருக்காது. 14 இருக்கலாம், 120 இருக்கலாம். அதனால் வந்த பரப்பளவைப் பக்கத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள். சரியான கணக்கு என்றால், பக்கம் எதுவானாலும் 0.433 என்றுதான் வரும். சமபக்க முக்கோணங்கள் எல்லாமே ஒரே வடிவம், அளவுதான் வேறு. பக்கம் இரண்டு மடங்கானால் பரப்பளவு நான்கு மடங்காகும், பக்கத்தின் வர்க்கமும் நான்கு மடங்காகும். எனவே ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் கிடைக்கும் எண் அசையாது.

கையில் கணிப்பான் இல்லையென்றால் ஒரு பழைய வழி உண்டு. கிரேக்கக் கணித அறிஞர் ஹெரானின் பெயரில் வழங்கும் கணக்குகளில் இது வருகிறது: பக்கத்தின் வர்க்கத்தில் மூன்றில் ஒரு பங்கையும் பத்தில் ஒரு பங்கையும் கூட்டிக்கொள்ள வேண்டும். 100 என்றால் 33.33-ம் 10-ம் சேர்ந்து 43.33. உண்மையான விடையிலிருந்து 0.03 மட்டுமே தள்ளி இருக்கிறது. விடைத்தாளில் எழுத இது போதாது. நம் விடை சரியான ஊர்ப்பக்கம்தான் நிற்கிறதா என்று பார்க்கத் தாராளமாகப் போதும்.

வகுத்ததில் 0.433 வரவில்லையா? வந்த எண்ணைக் கீழே தேடுங்கள்.

உயரம் பக்கத்தைவிட நீளமாக வருகிறது (வகுத்தால் 0.559)

பக்கம் 10, உயரம் 11.18, பரப்பளவு 55.90. கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருக்கிறீர்கள்: 100 + 25 = 125.

பிதாகரஸ் தேற்றத்தை "இதன் வர்க்கம் கூட்டல் அதன் வர்க்கம்" என்று பாடமாக்கிக்கொண்டவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். தேற்றத்தில் கூட்டல் இருப்பது உண்மை. ஆனால் கூட்டுத்தொகை கர்ணத்தின் வர்க்கம். இந்தப் படத்தில் கர்ணம் நமக்கு முன்பே தெரிந்த 10. தெரியாதது நிமிர்ந்து நிற்கும் பக்கம். எனவே பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும்.

இந்தப் பிழையைப் பரப்பளவு வரைக்கும் போகவிடவே கூடாது. உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்குப் போகும் வழிகளில் மிகக் குறுகியது செங்குத்துக்கோடு. சாய்ந்து போகும் பக்கத்தைவிட அது நீளமாக இருக்கவே முடியாது. உயரம் பக்கத்தைத் தாண்டினால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். நேராகச் சூத்திரத்தில் போடாமல் உயரத்தை முதலில் காண்பதை நான் விரும்புவதற்குக் காரணம் இதுதான். நடுவழியில் ஒரு சோதனைச் சாவடி கிடைக்கிறது.

வகுத்தால் சரியாக 0.5

உயரமே காணாமல், பக்கத்தையே உயரமாக வைத்து ½ × 10 × 10 என்று போட்டிருக்கிறீர்கள். எல்லாப் பக்கமும் 10 என்று படத்தில் எழுதியிருப்பதால் கண் ஏமாறுகிறது. சாய்ந்த கோடு உயரமாகாது. படத்தில் நடுக்கோட்டை வரைந்து, அதன் மேல் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டால் இந்தப் பிழை வராது.

உயரம் பூஜ்யமாகிறது

10² − 10². அடிப்பக்கத்தைப் பாதியாக்க மறந்துவிட்டீர்கள். இந்தப் பிழை தானாகவே கத்திக் காட்டிக்கொடுத்துவிடும், விளக்கம் வேண்டாம்.

வகுத்தால் 0.3536

நான் பார்த்த நோட்டுகளில் மிக அதிகமாக ஒளிந்திருப்பது இதுதான். ஒவ்வொரு வரியும் சரிபோலவே தோன்றும், உயரமும் பக்கத்தைவிடக் குறைவாகவே வரும். அதனால் மேலே சொன்ன சாவடியில் இது மாட்டாது.

அக்கா மகள் ஒரு நாள் நோட்டோடு வந்தாள். பக்கம் 14 செ.மீ., அவளுக்கு வந்த பரப்பளவு 69.30. புத்தகத்தில் 84.87.

"எல்லாப் படியும் சரியாத்தான் போட்டிருக்கேன் மாமா. மூணு தடவை பார்த்துட்டேன்."

69.30-ஐ 196-ஆல் வகுத்தேன். 0.3536. அதன் பிறகு நோட்டைப் பார்க்கக்கூடத் தேவையிருக்கவில்லை.

"கழிச்சது எவ்வளவு?"

"தொண்ணூத்தெட்டு."

"அது எப்படி வந்துச்சு?"

"பதினாலோட வர்க்கம் நூத்துத் தொண்ணூத்தாறு. அதுல பாதி."

"பாதியை வர்க்கம் பண்ணினியா, வர்க்கத்தைப் பாதியாக்கினியா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "ரெண்டும் ஒண்ணுதானே மாமா?"

ஒன்றில்லை. கட்டம் போட்ட தாளில் 14-க்கு 14 என்று ஒரு சதுரம் வரையச் சொன்னேன். அதற்குள் ஒரு மூலையில் 7-க்கு 7 சதுரம். பெரிய சதுரத்துக்குள் அதுபோல எத்தனை அடங்கும் என்றால் இரண்டு இல்லை, நான்கு. நீளமும் பாதியாகிறது, அகலமும் பாதியாகிறது. அரையின் அரை கால். எனவே பாதிப்பக்கத்தின் வர்க்கம் 49. அது 196-இல் கால் பங்கு. அவள் கழித்த 98 அரைப் பங்கு.

```
தவறு:  196 − 98 = 98,   உயரம் ≈ 9.90,   பரப்பளவு ≈ 69.30
சரி:   196 − 49 = 147,  உயரம் ≈ 12.12,  பரப்பளவு ≈ 84.87
```

இதிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க ஒரு சரிபார்ப்பு இருக்கிறது. முழுதிலிருந்து கால் போனால் முக்கால். ஆகவே கழித்து வந்த எண் எப்போதும் பக்க வர்க்கத்தின் முக்கால் பங்காக இருக்க வேண்டும். 100 என்றால் 75. 196 என்றால் 147. பக்கம் 9 போல ஒற்றைப்படை எண்ணாக இருந்தாலும் இதுவேதான்: 81 − 20.25 = 60.75, அது 81-இல் முக்கால். கழித்தலை முடித்ததும் வர்க்கமூலம் எடுப்பதற்கு முன் இதைப் பார்த்துவிட்டால், படியின் முதல் பாதி முழுவதும் சரி என்று அடித்துச் சொல்லலாம். 98 என்பது 196-இல் பாதி என்று அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தால் என்னைத் தேடி வந்திருக்க மாட்டாள்.

வகுத்தால் 0.25

உயரம் 5 என்று வந்திருக்கும். √(100 − 25) என்பதை √100 − √25 என்று பிரித்து, 10 − 5 = 5 என்று முடித்திருக்கிறீர்கள்.

பெருக்கலுக்கு வர்க்கமூலத்தைப் பிரித்துக் கொடுக்கலாம், கழித்தலுக்குக் கொடுக்கக் கூடாது. √75 = √25 × √3 சரி. √(100 − 25)-ஐ இரண்டாக உடைப்பது தவறு. விதியை நம்ப மனமில்லையென்றால் படத்தைப் பாருங்கள். உயரம் 5, பாதி அடி 5 என்றால், அந்தச் செங்கோண முக்கோணத்தின் இரண்டு குட்டைப் பக்கங்களையும் கூட்டினாலே 10 தான் வருகிறது. கர்ணமும் 10. முனையிலிருந்து முனைக்கு வளைந்து போனாலும் நேராகப் போனாலும் ஒரே தூரம் என்றாகிவிடும். அப்படி ஒரு முக்கோணம் கிடையாது, அது மடிந்து ஒரு கோடாகிவிட்டது.

சரியான விடையில் பாதி (0.2165) அல்லது இரட்டிப்பு (0.866)

உயரம் வரை எல்லாம் சரி, 8.66 வந்துவிட்டது. கடைசி வரியில் ஏதோ நடந்திருக்கிறது.

21.65 வந்தால், ½ × 5 × 8.66 என்று போட்டிருக்கிறீர்கள். உயரம் காண்பதற்காகப் பாதியாக்கிய அடியைப் பரப்பளவுக்கும் கொண்டு வந்துவிட்டீர்கள். அது ஒரு செங்கோண முக்கோணத்தின் பரப்பளவுதான். அதுபோல் இன்னொன்று பக்கத்தில் இருக்கிறது. 86.60 வந்தால் எதிர்மாறு: ½ என்பதையே விட்டுவிட்டு 10 × 8.66 போட்டிருக்கிறீர்கள். அது முக்கோணத்தைச் சுற்றி வரைந்த செவ்வகத்தின் பரப்பளவு. 0.866-க்கு இன்னொரு காரணமும் உண்டு. உயரத்தின் சூத்திரத்தையும் பரப்பளவின் சூத்திரத்தையும் மனப்பாடம் செய்தவர்கள், பரப்பளவில் 4 இருக்க வேண்டிய இடத்தில் உயரத்தின் 2-ஐ வைத்துவிடுவார்கள்.

```
உயரம்    = (√3 / 2) × a
பரப்பளவு = (√3 / 4) × a²
```

என் பழக்கம் வேறு. பாதிப்பக்கம் 5 என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டோம். ½ × 10 என்பதும் அதே 5 தான். அதனால் கடைசி வரியில் அரையை மறுபடி கொண்டுவராமல், பாதிப்பக்கம் × உயரம் என்று ஒரே பெருக்கலாக முடித்துவிடுவேன்: 5 × 8.66. இரண்டு செங்கோண முக்கோணங்களையும் எதிரெதிராகத் திருப்பி ஒட்டினால் 5-க்கு 8.66 செவ்வகம் வரும், அதன் பரப்பளவுதான் இது. எங்கே அரை போட வேண்டும், எத்தனை தடவை போட வேண்டும் என்ற குழப்பமே எழாது.

பக்கத்தை மாற்றினால் ஈவும் மாறுகிறது

இது வேறு இனப் பிழை. இதுவரை பார்த்தவற்றில் பக்கம் எதுவானாலும் அந்தந்தப் பிழைக்கு ஒரே ஈவுதான் வந்தது. சில பிழைகளில் அப்படி வராது. பக்கம் 10-க்கு ஓர் ஈவு, 20-க்கு வேறு ஈவு. இப்படி நேர்ந்தால் எங்கோ ஒரு வர்க்கமோ வர்க்கமூலமோ விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

எளிய உதாரணம், வர்க்கமூலம் எடுக்க மறப்பது. உயரம்² = 75 என்று எழுதிவிட்டு, அந்த 75-ஐயே உயரமாக எடுத்து 5 × 75 = 375 என்று முடிப்பது. வகுத்தால் 3.75. பக்கம் 20-க்கு இதையே செய்தால் 10 × 300 = 3000, வகுத்தால் 7.5. பக்கம் இரண்டு மடங்கானபோது பரப்பளவு நான்கு மடங்காகாமல் எட்டு மடங்காகிவிட்டது. எட்டு மடங்கு ஆவது கன அளவின் குணம், பரப்பின் குணம் இல்லை.

விரிதாளில் கணக்கிடுபவர்களுக்கு இன்னும் நுட்பமான ஒன்று காத்திருக்கிறது. A2 கட்டத்தில் பக்கம் இருக்கிறது, உயரத்துக்கு இப்படி எழுதுகிறார்கள்:

```
=SQRT(A2^2-A2/2^2)
```

பார்க்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால் அடுக்கு, வகுத்தலுக்கு முன்னால் கணக்கிடப்படும். எனவே A2/2^2 என்பது 10 ÷ 4 = 2.5 ஆகிறது, 5² ஆவதில்லை. உயரம் √97.5 ≈ 9.87, பரப்பளவு 49.37, ஈவு 0.494. பக்கம் 100-க்கு இதே சூத்திரம் 0.499 தரும். பக்கம் பெரிதாகப் பெரிதாக ஈவு 0.5-ஐ நெருங்கிக்கொண்டே போனால் இதுதான் காரணம். ஓர் அடைப்புக்குறி போதும்:

```
=SQRT(A2^2-(A2/2)^2)
```

கணிப்பானில் இதன் தங்கை ஒருத்தி இருக்கிறாள். √ பொத்தானை அழுத்தி 100 − 25 என்று அடைப்புக்குறி இல்லாமல் தட்டினால், சில கணிப்பான்கள் வர்க்கமூலத்தை 100-க்கு மட்டும் எடுத்துக்கொள்ளும். 10 − 25 = −15. உயரம் எதிர்மறை எண்ணாக வந்தால் பயப்பட வேண்டாம். முதலில் கழித்து 75 வந்த பிறகு √ அழுத்துங்கள்.

√75-ஐச் சுருக்கும்போது தடம் மாறுகிறது

கழித்தல் சரி, 75 வந்துவிட்டது. அதை 25 × 3 என்று பிரித்த பிறகு 25-ஐ அப்படியே வெளியே கொண்டுவந்து 25√3 என்று எழுதிவிடுகிறார்கள். அதன் மதிப்பு 43.30, பக்கத்தைவிட நான்கு மடங்குக்கு மேல். உயரச் சாவடியிலேயே பிடிபட்டுவிடும். இந்தப் பிழையில் ஒரு விஷமம் என்னவென்றால், 25√3 என்பது பரப்பளவின் சரியான விடை. புத்தகத்தின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு "வந்துவிட்டது" என்று அங்கேயே நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு.

எண்களை இடம் மாற்றி 3√5 என்று எழுதுவது இன்னொன்று. அப்போது உயரம் 6.71, ஈவு 0.3354. முன்பு பார்த்த 0.3536-உடன் இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சுருக்கியதைத் திரும்ப வர்க்கப்படுத்திப் பார்ப்பதுதான் மருந்து. 3√5-ஐ வர்க்கப்படுத்தினால் 9 × 5 = 45, 75 வரவில்லை. 5√3-ஐ வர்க்கப்படுத்தினால் 25 × 3 = 75.

கிட்டத்தட்ட சரி, தசமத்தில் மட்டும் இடிக்கிறது

ஈவு 0.433-க்கு மிக அருகில் வந்து கொஞ்சம் மட்டும் பிசகினால் முறையில் தவறில்லை, தோராயத்தில்தான் தகராறு. √3 = 1.7320508 என்று முடிவில்லாமல் ஓடும் எண். அதை 1.73 என்று வெட்டியிருந்தால் ஈவு 0.4325. 1.7 என்று வெட்டியிருந்தால் 0.425. நீங்கள் எதைப் பயன்படுத்தினீர்கள், புத்தகம் எதைப் பயன்படுத்தியது என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

எங்கே வெட்டுகிறோம் என்பதும் முக்கியம். பக்கம் 120 செ.மீ. என்று எடுத்துக்கொள்வோம். 14400 − 3600 = 10800, உயரம் 103.923. "103.923-ஐ 104 என்று வைத்துக்கொள்வோம், என்ன ஆகிவிடப் போகிறது" என்று முழுமையாக்கினால் பரப்பளவு 60 × 104 = 6240. உண்மையான விடை 6235.38. உயரத்தில் செய்த பிசகு 0.08 கூட இல்லை. ஆனால் அதை 60-ஆல் பெருக்கியதும் நாலரைச் சதுர செ.மீ.க்கு மேல் ஆகிவிட்டது. (6240-ஐ 14400-ஆல் வகுத்தால் 0.4333. மூன்றில் ஒன்றும் பத்தில் ஒன்றும் என்ற அந்தப் பழைய கணக்கு இதே எண்ணைத்தான் தரும்.)

இதைத் தவிர்க்க, √3-ஐக் கடைசி வரி வரை மூலமாகவே வைத்திருங்கள். உயரம் 60√3, பரப்பளவு 60 × 60√3 = 3600√3. எண்ணாக மாற்றுவது அதன் பிறகு, ஒரே ஒரு முறை.

உங்கள் விடை 5√75, புத்தகத்தில் 25√3 என்றிருந்தால் அது பிழையே இல்லை. இரண்டும் ஒரே எண், ஒன்று இன்னும் சுருக்கப்படவில்லை.

முறை சரி, ஈவும் 0.433, ஆனாலும் புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை

அப்படியென்றால் கணக்கில் தவறில்லை, கேள்வியைப் படித்ததில்தான் தவறு. புத்தகத்தின் விடையை உங்கள் விடையால் வகுங்கள். 1.333, அதாவது சரியாக 4/3 வந்தால், கொடுத்திருந்த எண் பக்கம் இல்லை, உயரம். உயரம் 10 என்றால் பக்கம் 20/√3 ≈ 11.55, பரப்பளவு 57.74. உங்களுடையது 43.30. உங்கள் விடை புத்தகத்தைவிட ஒன்பது மடங்கு பெரிதாக இருந்தால், சுற்றளவைப் பக்கம் என்று எடுத்துவிட்டீர்கள். 10000 மடங்கு வேறுபட்டால் மீட்டரும் சென்டிமீட்டரும் கலந்திருக்கின்றன, 100 மடங்கு என்றால் சென்டிமீட்டரும் மில்லிமீட்டரும்.

கேள்வியில் எண் இல்லாமல் நீங்களே அளவுகோல் வைத்து அளந்த முக்கோணம் என்றால், மூன்று பக்கங்களையும் அளந்தீர்களா என்று பாருங்கள். இரண்டு பக்கம் 10, அடி 9.6 என்றால் அது சமபக்க முக்கோணமே இல்லை. அப்போதும் செங்குத்து அடியைச் சரிபாதியாகத்தான் பிரிக்கும், அதே வழியில் உயரம் காணலாம். ஆனால் கழிக்க வேண்டியது 4.8-இன் வர்க்கம், முக்கால் சோதனையும் 0.433 சோதனையும் அங்கே செல்லாது.

விடை சரியாக வருகிறது, வழி தப்பாக இருக்கிறது

இதைத்தான் யாரும் தேட மாட்டார்கள். சில எண்கள் பிழையை மூடி மறைத்துவிடும். பயிற்சியின் முதல் கணக்காகப் பக்கம் 2 என்று கொடுப்பது வழக்கம். சோதித்துப் பார்க்க அதைவிட மோசமான எண் இல்லை. பாதி 1. அதை வர்க்கப்படுத்தினாலும் 1, மறந்தாலும் 1. உயரம் √3, பரப்பளவும் √3. பரப்பளவு கண்டாரா அல்லது உயரத்தோடு நிறுத்திக்கொண்டாரா என்று விடையை வைத்துச் சொல்லவே முடியாது. பக்கம் 4 என்றால் பாதி 2. இரண்டை வர்க்கப்படுத்தினாலும் 4, தவறுதலாக இரட்டித்தாலும் 4.

இன்னும் வேடிக்கையானது பக்கம் 4√3. பாதி 2√3, அதன் வர்க்கம் 4 × 3 = 12. பக்கத்தின் வர்க்கம் 16 × 3 = 48. கழித்தால் 36, உயரம் அழகாக 6. பரப்பளவு 2√3 × 6 = 12√3. முழு எண்ணாக உயரம் வருவதால் இந்தக் கணக்கு அடிக்கடி கேட்கப்படும். ஆனால் இதே முக்கோணத்தின் சுற்றளவு என்ன? 3 × 4√3 = 12√3. எண் அதேதான். சுற்றளவைக் கண்டுவிட்டுச் சதுர அலகு என்று எழுதியவருக்கும் முழு மதிப்பெண் கிடைத்துவிடும்.

அதனால் விடை பொருந்திவிட்டாலும் சந்தேகம் இருந்தால், அதே வழியில் பக்கம் 10-க்கு ஒரு முறை போட்டுப் பாருங்கள். சுற்றளவு கண்டவருக்கு 30 வரும், இரட்டித்தவருக்குக் கழித்தலில் 75 வராது, உயரத்தோடு நின்றவருக்கு 8.66 வரும். வழி சரியாக இருந்தவருக்கு மட்டும் 43.30 வரும்.